நோன்பு மாதத்தில் வேலை நேரமும் வேலை இலக்கும்

நீங்கள் இன்னமும் வேலைக்குப் போகும் மூத்தவராக இருக்கலாம். நான்கைந்து பேரை வைத்துச் சிறு கடை நடத்துபவராக இருக்கலாம். அல்லது துப்புரவுக் குழுவுக்கோ பாதுகாவல் குழுவுக்கோ மேற்பார்வையாளராக இருக்கலாம். நீங்கள் நோன்பு வைப்பவராக இருந்தாலும், உங்களோடு வேலை செய்பவர் நோன்பு வைப்பவராக இருந்தாலும், ரமலான் மாதத்தில் வேலை நேரத்தை எப்படி மாற்றி அமைப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. அதற்குப் பதில் தேட இந்தக் கையேடு உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். பல இடங்களில் நேரத்தைக் குறைக்கிறார்கள், ஆனால் இலக்கைக் குறைப்பதில்லை. எட்டு மணி நேர வேலையை ஆறு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் அது சலுகை ஆகாது. வெறும் வயிற்றோடு இருப்பவரை வேகமாக ஓடச் சொல்வதாகவே அது முடியும். நேரத்தையும் இலக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நம் ஊரில் நோன்பு நாள் எப்படிப் போகிறது?

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் பொழுது ஏறத்தாழ ஒரே நீளம்தான். நோன்பு நேரம் சுமார் பதின்மூன்றரை மணி நேரம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு நோன்பு தொடங்கி, மாலை 7.20 மணியளவில் முடிகிறது. நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வரும். நோன்புப் பெருநாள் 2025இல் மார்ச் 31ஆம் தேதியும் 2026இல் மார்ச் 21ஆம் தேதியும் வந்தது. அட்டவணை போடுவதற்கு முன் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வெளியிடும் தொழுகை நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோர்வுக்குப் பசி மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கக் குறைவும் பெரிய காரணம். மாலையில் நோன்பு திறந்து, தராவீஹ் தொழுதுவிட்டு வீடு திரும்பிப் படுக்கும்போது இரவு பத்தரை ஆகிவிடும். சஹர் உணவுக்கு விடியற்காலை நாலே முக்காலுக்கு எழ வேண்டும். ஆக, இரவுத் தூக்கம் ஆறு மணி நேரம்தான். கடைசிப் பத்து நாளில் இரவுத் தொழுகை கூடும்போது அதுவும் குறையும்.

முதல் மூன்று நான்கு நாளில் வேறொரு தொல்லை. காலையில் கோப்பி, தேநீர் குடித்துப் பழகியவர்களுக்கு அது நின்றவுடன் தலைவலி வரும். பிறகு உடம்பு பழகிவிடும். ஆகையால் ஒரே அட்டவணையை முப்பது நாளும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் வாரம், நடு நாள்கள், கடைசிப் பத்து நாள் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய அரபு சிற்றரசுகளில் நோன்பு மாதத்தில் அன்றாட வேலை நேரம் இரண்டு மணி நேரம் குறைய வேண்டும் என்பது சட்டம். சவூதி அரேபியாவில் முஸ்லிம் ஊழியர்களின் வேலை நேரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு.

சிங்கப்பூரில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை. இங்கே முதலாளியும் ஊழியரும் பேசித்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளைக் கேட்பதற்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எவரும் வேலை நேரத்தையோ வேலைச் சுமையையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பது இதன் பொருளல்ல. ஆனால் கேட்டதை முறையாகப் பரிசீலிக்க வேண்டும்.

இந்த இரண்டு மாதம் என்பதை நினைவில் வையுங்கள். நோன்பு பிறந்த பிறகு கேட்டால், பதில் வருவதற்குள் பெருநாளே வந்துவிடும். குறைந்தது இரண்டரை மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில் எழுதுகிறீர்கள், என்ன மாற்றம் வேண்டும், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, என்ன காரணம் ஆகியவை இருந்தால் போதும்.

வேலைநியமனச் சட்டத்தின் வேலை நேர வரம்புகள் நோன்பு மாதத்திலும் அப்படியே பொருந்தும். இவை மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்பு ஊழியர்களுக்கும், 2,600 வெள்ளிக்கு மேற்படாத மற்ற ஊழியர்களுக்கும் உரியவை. பொதுவாக, இடைவேளை இல்லாமல் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. “நான்தான் சாப்பிடப் போவதில்லையே, மதிய இடைவேளை வேண்டாம், ஒரு மணி நேரம் முன்னதாக விட்டுவிடுங்கள்” என்று நோன்பாளிகள் கேட்பது வழக்கம். வேலை ஆறு மணி நேரத்துக்குள் முடிந்தால் அது சரி. எட்டு மணி நேர வேலையில் இடைவேளையை மொத்தமாக நீக்கக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு ஓய்வு வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மசாலாத்தூள் பொட்டலம் கட்டும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். வழக்கமான நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை. நடுவில் ஒரு மணி நேர இடைவேளை போக எட்டு மணி நேர வேலை. சனிக்கிழமை நான்கு மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் 44 மணி நேரம். ஒருவர் மணிக்கு 30 பொட்டலம் கட்டுவார். ஆக, ஒருவருக்கு ஒரு நாள் இலக்கு 240. ஐந்து பேருக்கும் சேர்த்து 1,200.

ஐவரில் இருவர் நோன்பு வைக்கிறார்கள். இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். முதலாளியோடு பேசி, வார நாள்களில் அவர்களுடைய நேரம் காலை 7.30 முதல் பிற்பகல் 2 வரை என்று மாற்றப்படுகிறது. 11 மணிக்கு அரை மணி நேர ஓய்வு உண்டு. ஆக, ஆறு மணி நேர வேலை. பிற்பகல் 3 மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தால், கொஞ்சம் படுத்து எழுந்து நோன்பு திறக்க நேரம் இருக்கும்.

இப்போது இலக்குக்கு வருவோம். நேரம் கால் பங்கு குறைந்திருப்பதால் இலக்கையும் கால் பங்கு குறைத்து 180 என்று வைப்பது முதல் படி. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. காலையில் முதல் நான்கு மணி நேரம் கை வழக்கம்போல ஓடும். நண்பகலுக்குப் பிறகு வேகம் குறையும். முதல் நான்கு மணி நேரம் மணிக்கு 30, கடைசி இரண்டு மணி நேரம் மணிக்கு 25 என்று வைத்தால், ஒரு நாள் இலக்கு 170. இந்த 25 என்ற எண்ணை ஊகித்து எழுதக் கூடாது. நோன்பின் முதல் இரண்டு மூன்று நாளில் மணிக்கு எத்தனை பொட்டலம் முடிகிறது, எடை சரியாக இருக்கிறதா என்று குறித்து வைத்து, அதைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆளுக்கு ஆள் அது மாறும்.

இலக்கை ஒரு நாளைக்கு இத்தனை என்று வைக்காமல் மணிக்கு இத்தனை என்று வைப்பதில் இன்னொரு வசதி உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக ஒருவர் 12.45 மணிக்கே கிளம்பினால், அன்று வேலை நேரம் மேலும் ஒன்றேகால் மணி குறைகிறது. மணிக்கணக்கில் இலக்கு இருந்தால் அன்றைய எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும். யாரும் யாரிடமும் போய்ச் சலுகை கேட்க வேண்டியதில்லை.

குறைந்த 140 பொட்டலத்துக்கு என்ன செய்வது?

மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். நோன்பாளிகள் இருவரும் 340 பொட்டலம் கட்டுகிறார்கள். மற்ற மூவரும் வழக்கம்போல 720. கூட்டினால் 1,060. பழைய 1,200க்கு 140 குறைகிறது.

இந்த 140ஐ மற்ற மூவர் தலையில் போட்டால், ஒவ்வொருவரும் 240க்குப் பதில் 287 கட்ட வேண்டும். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேலை, அதுவும் ஒரு மாதம் முழுக்க. முதல் வாரம் முகம் சுளிக்காமல் செய்வார்கள். மூன்றாம் வாரம் மனத்தாங்கல் வரும். “அவர்கள் சீக்கிரம் போகிறார்கள், நாங்கள் மாட்டிக்கொள்கிறோம்” என்ற பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு காதில் விழுந்தால், நோன்பு வைத்த மூத்தவர் சோர்வை மறைத்துக்கொண்டு ஓய்வு நேரத்திலும் வேலை செய்யத் தொடங்குவார். உடம்புக்கு ஆபத்து அப்போதுதான்.

இதற்கு வேறு வழிகள் உண்டு. மசாலாத்தூள் கெட்டுப்போகாத பொருள். ஆகவே நோன்புக்கு முந்தின மாதமே அதிகம் விற்கும் வகைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வைக்கலாம். அதற்கு மிகைநேர வேலை தேவைப்பட்டால், மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மிகைநேரம் மட்டும் மாதத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மற்றொரு வழி, அந்த ஒரு மாதத்துக்குப் பிற்பகலில் ஐந்து மணி நேரம் பகுதிநேர ஊழியர் ஒருவரை வைப்பது. மணிக்கு 28 பொட்டலம் கட்டினால் 140 சரியாகிவிடும். இரண்டுமே முடியாவிட்டால், மாத இலக்கையே குறைத்து வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எல்லாரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்கும் பண்டிகை லிட்டில் இந்தியாவில் இல்லை. தீபாவளியன்றும் தைப்பூசத்தன்றும் கடையைப் பார்த்துக்கொண்டவர்கள் நோன்பு மாதத்தில் சற்று முன்னதாகப் போகிறார்கள். ஆண்டு தொடங்கும்போதே இந்தப் பரிமாற்றத்தை அட்டவணையில் எழுதி வைத்துவிட்டால், யாருக்கும் மனக்குறை வராது.

சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும் முன்னரே பேசிவிடுங்கள்

இந்த உதாரணத்தில் வாரத்துக்கு 44 மணி நேரம் என்பது 34 ஆகிறது. குறைந்த 10 மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? சில முதலாளிகள் முழுச் சம்பளம் தருவார்கள். சிலர் குறைந்த நேரத்துக்கு ஏற்பச் சம்பளத்தைக் குறைப்பார்கள். எதுவானாலும் இருவரும் ஒப்புக்கொண்டு, நோன்பு தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வது என்று வைக்காதீர்கள்.

சம்பளம் குறைவது கட்டுப்படியாகாது என்றால் நேரத்தைக் குறைக்காமல் மாற்றி மட்டும் கேட்கலாம். காலை 7 மணிக்குத் தொடங்கி, 45 நிமிட ஓய்வோடு, பிற்பகல் 3.45க்கு முடித்தால் எட்டு மணி நேரமும் கணக்காகிவிடும். வழக்கத்தைவிட ஒன்றேகால் மணி முன்னதாகவும் கிளம்பலாம்.

ஊக்கத்தொகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 240 முடித்தால்தான் ஊக்கத்தொகை என்று இருந்தால், ஆறு மணி நேரம் வேலை செய்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அல்லது அதை விடக் கூடாது என்று அவர் ஓய்வில்லாமல் உழைப்பார். இலக்கைக் குறைக்கும்போது, ஊக்கத்தொகைக்கான எண்ணையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

கடையல்லாத மற்ற வேலைகள்

பாதுகாவல் வேலையில் 12 மணி நேர முறை பரவலாக உண்டு. காலை 8 முதல் இரவு 8 வரை பணியில் இருப்பவருக்கு, நோன்பு திறக்கும் 7.20 மணி பணியின் நடுவில் வருகிறது. இரவு 7 மணிக்கு ஆள் மாறும் இடத்தில், ஒப்படைப்பு வேலைகள் முடிவதற்குள் அந்த நேரம் வந்துவிடும். இந்த வேலையில் நேரத்தைக் குறைப்பதைவிட, அந்த இருபது முப்பது நிமிடம் வேறொருவர் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதே முக்கியம். யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் எழுதி வையுங்கள். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்று விட்டால் யாரும் வரமாட்டார்கள்.

உணவுக் கடைகளில், நோன்பு திறக்கும் நேரமே வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். அங்கே நோன்பாளிகளைக் காலை முறைக்கு மாற்றுவது எளிது. முடியாவிட்டால், 7.10 முதல் 7.40 வரை அவர்களை அடுப்படியிலிருந்தும் பரிமாறும் இடத்திலிருந்தும் விடுவியுங்கள். டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் சிராங்கூன் சாலையின் அங்குலியா பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், லிட்டில் இந்தியாவில் வேலை செய்பவர்கள் தொழுதுவிட்டுத் திரும்ப அதிக நேரம் ஆகாது.

வெயிலில் செய்யும் வேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். வெளிப்புறத்தில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு, ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 32 டிகிரியை எட்டினால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33 டிகிரியை எட்டினால் குறைந்தது 15 நிமிடமும் நிழலில் ஓய்வு தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. அதோடு மணிதோறும் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். நோன்பாளிக்கு இந்த இரண்டாவது வழி இல்லை. ஆகவே அவருக்கு இந்த ஓய்வு மட்டும் போதாது. கூட்டுவது, சுமப்பது, புல் வெட்டுவது போன்ற வேலைகளைக் காலை 11 மணிக்கு முன் முடித்துவிட்டு, அதன் பிறகு நிழலான இடத்தில் இலேசான வேலை கொடுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

ஏற்பாடு சரியில்லை என்பதைச் சில அடையாளங்கள் காட்டிக்கொடுக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் எடைத் தவறு, கணக்குத் தவறு கூடும். கையிலிருந்து பொருள் நழுவும். ஓய்வு நேரத்தில் ஒருவர் உட்காராமல் வேலை செய்வார். இவற்றைக் கண்டால் ஆளைக் கடிந்துகொள்ளாதீர்கள். இலக்கைத் திரும்பப் பாருங்கள்.

உடம்பு காட்டும் அடையாளங்கள் வேறு. தலைசுற்றல், கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம், மிக அடர்ந்த நிறச் சிறுநீர் ஆகியவற்றில் எது இருந்தாலும் வேலையை உடனே நிறுத்தி, குளிர்ச்சியான இடத்தில் உட்கார வேண்டும். மயக்கம் வந்தால் 995ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ போய்ப் பேசுங்கள். உங்கள் புதிய வேலை நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து சாப்பிடும் வேளையை மாற்றுவதற்கு அவருக்கு அது தெரிய வேண்டும். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் பகலில் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக் கூடும். மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். வேலையிடத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 4க்குக் கீழே இறங்கினாலோ 16க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். வேலையிடத்தில் நம்பிக்கையான ஒருவருக்காவது உங்கள் நிலைமை தெரிந்திருக்கட்டும்.

மேற்பார்வையாளர்களுக்கு இன்னும் ஒன்று. யார் நேரத்தை மாற்ற விரும்புகிறார்கள் என்று எல்லாரிடமும் கேளுங்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோன்பு வைப்பவர்களிலும் சிலர் வழக்கமான நேரத்தையே விரும்புவார்கள். உடல்நிலை காரணமாகச் சில நாள் நோன்பை விடுபவர்கள் இருப்பார்கள். இன்று ஏன் நோன்பில்லை என்று யாரிடமும் கேட்க வேண்டாம். மாதம் முழுவதற்கும் ஒப்புக்கொண்ட நேரம் அந்த நாள்களிலும் அப்படியே இருக்கட்டும்.

நோன்புக்கு முன் செய்ய வேண்டியவை

• இரண்டரை மாதம் முன்பு: வேலை நேர மாற்றம் கேட்டு எழுதிக் கொடுங்கள்.
• ஆறு முதல் எட்டு வாரம் முன்பு: நீரிழிவோ வேறு நோயோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.
• ஒரு மாதம் முன்பு: நேரம், மணிக்கணக்கு இலக்கு, சம்பளம், ஊக்கத்தொகை ஆகிய நான்கையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். குறையும் வேலையை யார், எப்படி ஈடுசெய்வது என்றும் முடிவு செய்யுங்கள்.
• முதல் வாரம்: மணிக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்று குறித்து, இலக்கைத் திருத்துங்கள்.
• கடைசிப் பத்து நாளுக்கு முன்: தூக்கம் குறையும் என்பதால் நேரத்தையும் இலக்கையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் வாரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நோன்பு 11 நாள் முன்னதாகவே வந்துவிடும். அப்போது அந்தக் குறிப்பு கையில் இருந்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிராது.